முகவரிடம் தங்கிய தவணைப் பணம்

விண்ணப்பமும் கடிதமும் எழுதும் முறைபற்றி இப்பகுதியில் அவ்வப்போது எழுதி வருகின்றோமாதலால், தாம் எழுதியவற்றைத் திருத்தித் தரும்படி எம்மிடம் கொண்டுவருவோர் பலர். அவற்றுட் பெரும்பாலானவை உத்தியோக விண்ணப்பங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாதம் 18ஆந் திகதி மாலை எமக்குக் கிடைத்த தாள் அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. எம்மிடம் முன்னர் படித்த இளைஞர் ஒருவர் அதனைக் கொண்டுவந்தார். யாழ்ப்பாண நகரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கிளைக் காரியாலயத்தில் அவர் இலிகிதராகக் கடமையாற்றினார். வாடிக்கையாளர் ஒருவருக்கு மறுநாள் அனுப்ப வேண்டிய கடிதத்தின் வரைவு அது. அதில் எழுதியிருந்தது வருமாறு:

“தங்கள் ஆயுட் காப்புறுதிக்குரிய மார்ச் 1ஆந் திகதித் தவணைக் கட்டுப்பணம் இதுவரை எமக்குக் கிடைக்கவில்லை. தாங்கள் அதனை நிறுவனத்துக்குச் செலுத்தாது முகவரின் சொந்தக் கணக்கில் வைப்பிலிட்டுள்ளதாக அறிகின்றோம். முகவரிடம் கொடுத்த பணத்துக்கு நிறுவனம் எவ்வகையிலும் பொறுப்பேற்காது. மார்ச் 31ஆந் திகதிக்கு முன்னர் கட்டுப்பணத்தை நிறுவனத்துக்குச் செலுத்தத் தவறின் தங்கள் காப்புறுதி காலாவதியாகும் என்பதை இத்தால் அறியத்தருகின்றோம்.”

“இலக்கணத்தை மட்டும் ஒருக்காப் பாருங்கோ, சேர்,” என்றார் அவர்.

இலக்கணத்திற் பிழை எதுவும் இல்லை. “தம்பி, இதை வாசித்தவுடன் அந்த அம்மா என்ன செய்வார்?” என்று கேட்டோம். அவர் சற்று யோசித்தார். “ஒண்டில் முகவரோடை சண்டைக்குப் போவா. இல்லாட்டில் திரும்பவும் 18,500 ரூபாவுக்கு ஆரிட்டையாவது கடன் கேட்பா,” என்றார். இவ்விரண்டும் நிகழ்வதைக் காரியாலயம் விரும்புகின்றதா என்று வினவினோம். விரும்பவில்லை என்றார். அப்படியாயின் வரைவை ஒருபுறம் வைத்துவிட்டு, நடந்ததை முதலிற் சொல்லும்படி கேட்டோம்.

வாடிக்கையாளர் வடமராட்சியில் வீட்டிலிருந்தபடியே தையல் வேலை செய்பவர். படிக்கும் பிள்ளைகள் இருவர் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 18,500 ரூபா தவணை. முகவர் அவருக்கு மச்சான் முறையானவர். காப்புறுதியில் அவரைச் சேர்த்தவரும் அவரே. வழக்கமாக முகவர் வீட்டுக்கு வந்து பணத்தை வாங்கிச் செல்வார். சில நாட்களின் பின் நிறுவனத்தின் பற்றுச்சீட்டு வரும். இம்முறை தாம் ஊரில் இல்லையென்றும், தமது கணக்கில் போட்டுவிடும்படியும் தொலைபேசியிற் சொன்னார். அம்மையாரும் மார்ச் 3ஆந் திகதி நெல்லியடியில் ஒரு வங்கிக்குச் சென்று அவ்வாறே செய்தார். பற்றுச்சீட்டு வரவில்லை. இரண்டு வாரம் கழித்துக் காரியாலயத்துக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோதுதான் பணம் நிறுவனத்துக்குப் போகவில்லை என்பது தெரிந்தது. முகவர் மறந்தாரோ, வேறு அவசரத்துக்கு எடுத்தாரோ, அதனை நாம் அறியோம்.

இன்னுமொரு செய்தியை அந்த இளைஞர் கடைசியிற் சொன்னார். முதலிற் சொல்லியிருக்க வேண்டியது அதுவே. காப்புறுதி தொடங்கி ஓராண்டு கழிந்தபின் அம்மையாருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. காப்புறுதி நடைமுறையில் இருக்குமட்டும் அதனால் அவருக்கு யாதொரு குறையும் இல்லை. பின்னர் வந்த நோய்க்காக ஒப்பந்தத்தை மாற்ற முடியாது. ஆனால் ஒருமுறை காலாவதியானால், அதனைப் புதுப்பிப்பதற்கு நிறுவனம் புதிதாக உடல்நல வாக்குமூலம் கேட்கும். நீரிழிவு உள்ளவர் என்று கண்டால் கட்டுப்பணத்தைக் கூட்டலாம், மறுக்கவும் செய்யலாம். ஆகவே இந்தக் கடிதத்தில் 18,500 ரூபாவினும் பெரியதொன்று தங்கியிருந்தது. மார்ச் 31ஆந் திகதியுடன் 30 நாட் சலுகைக் காலம் முடிகிறது. மிஞ்சியிருப்பவை பதின்மூன்று நாட்கள்.

வரைவை மீண்டும் எடுத்தோம். அதிலே எம்மை உறுத்திய வாக்கியம் மூன்றாவது: “நிறுவனம் எவ்வகையிலும் பொறுப்பேற்காது.” கடுமையாக இருக்கின்றது என்பதற்காக அன்று, அது உண்மைதானா என்பதற்காக. “முந்திய தவணைகளை யார் கட்டினார்கள் என்று ஏட்டில் இருக்குமே, பார்த்தீரா?” என்று கேட்டோம். பார்க்கவில்லை. அங்கிருந்தே காரியாலயத்திற் பிந்தி வேலை செய்துகொண்டிருந்த நண்பர் ஒருவருக்குத் தொலைபேசியிற் பேசிப் பார்க்கச் சொன்னார். கால் மணி நேரத்தில் விடை வந்தது. முந்திய ஐந்து தவணைகளில் நான்கு நிறுவனத்தின் கணக்கில் முகவரின் கையாலேயே செலுத்தப்பட்டிருந்தன. வைப்புச் சீட்டில் பணம் கட்டியவர் என்ற இடத்தில் முகவரின் பெயர். அதன்கீழ் அம்மையாரின் காப்புறுதி இலக்கம். நான்கு முறையும் நிறுவனம் எதுவும் கேளாமல் பற்றுச்சீட்டு அனுப்பியிருக்கின்றது.

இவ்விடத்திற் சட்டத்தைச் சிறிது சொல்ல வேண்டும். எமது நாட்டிலே முகவர் சம்பந்தமான விடயங்களிலும், ஆயுட் காப்புறுதி, தீக் காப்புறுதி விடயங்களிலும், வேறு எழுதிய சட்டம் இல்லாதவிடத்துப் பின்பற்றப்படுவது ஆங்கிலச் சட்டம். குடியியற் சட்டக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு அவ்வாறு விதிக்கின்றது. அந்தச் சட்டத்தின்படி, பணம் பெறும் அதிகாரம் உள்ள முகவரிடம் கொடுத்த பணம் அவரை நியமித்தவரிடம் கொடுத்த பணமேயாகும். அதிகாரம் எழுத்தில் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதுமில்லை. நியமித்தவர் தமது நடத்தையால், இவருக்குப் பணம் பெறும் அதிகாரம் உண்டு என்று மற்றவர் நம்பும்படி விட்டிருந்தால், பின்னர் இல்லையென்று சொல்வது எளிதன்று. நான்கு முறை முகவர் கொண்டுவந்த பணத்தை வாங்கிப் பற்றுச்சீட்டு அனுப்பியது அத்தகைய நடத்தை என்று அம்மையாரின் சட்டத்தரணி சொல்லக்கூடும்.

மறுபக்கமும் உண்டு. கட்டுப்பணத்தை நிறுவனத்தின் கணக்குக்கே செலுத்த வேண்டும் என்று காப்புறுதிப் பத்திரத்தில் அச்சிட்டிருந்தது. இளைஞர் அதனைத் தமது பையிலிருந்து எடுத்துக் காட்டினார். முன்னர் கையில் வாங்கிச் சென்றதும் இம்முறை சொந்தக் கணக்கில் விழுந்ததும் ஒன்றல்ல என்றும் நிறுவனத்தின் சார்பில் வாதிக்கலாம். யார் வெல்வார் என்று தீர்ப்புக் கூறுவது எமது வேலையன்று. ஆனால், இவ்வளவு இருபக்கமும் உள்ள ஒரு வினாவுக்குக் கிளைக் காரியாலயத்து இலிகிதர் ஒருவர் ஒரே வாக்கியத்தில் விடை எழுதி, கடிதத்தலைப்பின்கீழ் அனுப்பிவிடுவது நிறுவனத்துக்கும் நன்மையன்று. “பொறுப்பேற்கின்றோம்” என்று எழுதுவதும் அதே பிழைதான். அந்த வினாவைத் தொடாமலே கடிதத்தை எழுதலாம். இவ்வளவும் சொன்னபோது இளைஞரின் முகம் சற்று வெளிறியது. வரைவிலே கீழே அவருடைய பெயர் தட்டச்சிடப்பட்டிருந்தது.

முகவரைப்பற்றி ஒரு சொல். வரைவில் அவர்மேற் குற்றச்சாட்டு வெளிப்படையாக இல்லை. எனினும் முகாமையாளர் ஓரத்திலே பென்சிலால் “கையாடல்” என்று குறித்திருந்தார். அதனைச் சேர்ப்பதா என்று கேட்கும் குறிப்பு. சேர்க்கவே கூடாது என்றோம். பணம் இன்னும் வரவில்லை என்பது மட்டுமே காரியாலயத்துக்குத் தெரிந்த உண்மை. அதற்குமேற் சொன்னால் அவதூறு வழக்குக்கு இடமுண்டு. அதைவிட, மச்சானைக் கள்வன் என்று எழுதிய கடிதத்தைக் கண்டவுடன் அம்மையார் கடிதத்தை ஒளித்துவிட்டுத் தாமே பணம் கட்டிவிடவும் கூடும். சொந்தத்தைக் காப்பதற்காக நம்மவர் பட்ட நட்டங்கள் எத்தனை!

பின்னர் புதிய தாளில் எழுதத் தொடங்கினோம். ஒன்பது மணிவரை சென்றது. நாம் எழுதிய கடிதம் இது:

“அன்புடையீர்,

தங்கள் காப்புறுதி இன்று நடைமுறையில் உள்ளது. மார்ச் 1ஆந் திகதித் தவணைக்குரிய சலுகைக் காலம் மார்ச் 31ஆந் திகதி முடிகின்றது. அதுவரை அது நடைமுறையில் இருக்கும்.

அத்தவணைக்குரிய 18,500 ரூபாவை மார்ச் 3ஆந் திகதி எமது முகவரின் வங்கிக் கணக்கில் வைப்பிலிட்டதாகத் தொலைபேசியில் அறிவித்தீர்கள். அப்பணம் இன்றுவரை நிறுவனத்தின் கணக்குக்கு வந்துசேரவில்லை. பற்றுச்சீட்டு அனுப்பப்படாமைக்குக் காரணம் அதுவே.

இதனைச் சீர்செய்வதற்குத் தங்களிடமிருந்து இரண்டு பொருள்கள் தேவை. ஒன்று, வங்கி முத்திரையிட்ட வைப்புச் சீட்டின் பிரதி. மூலச் சீட்டைத் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள். மற்றையது, எந்தத் திகதியில், எவ்வளவு பணத்தை, எதற்காக அந்தக் கணக்கில் இட்டீர்கள் என்பதை எழுதிக் கையொப்பமிட்ட ஒரு தாள். இவ்விரண்டையும் மார்ச் 23ஆந் திகதிக்குள் தபாலிலோ நேரிலோ தாருங்கள்.

அவை கிடைத்த அன்றே, அப்பணத்தைத் தங்கள் காப்புறுதி இலக்கத்தைக் குறித்து நிறுவனத்தின் கணக்கிற் செலுத்தும்படி முகவருக்கு நாம் எழுதுவோம். அதனைக் கேட்டுப் பெறுவது எமது வேலை. தாங்கள் அவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டியதில்லை. அவர் தாமாகவே திருப்பித் தந்தால், அன்றே எமக்கு அறிவித்துவிட்டு, அப்பணத்தை நிறுவனத்தின் கணக்கிற் செலுத்துங்கள்.

பணம் வந்தாலும் வராவிட்டாலும் மார்ச் 27ஆந் திகதிக்குள் தங்களுக்கு எழுத்தில் அறிவிப்போம். அதுவரை இரண்டாம் முறை பணம் கட்ட வேண்டாம். எப்படியாயினும் தங்கள் காப்புறுதி காலாவதியாக விடமாட்டோம்.

இனிவரும் தவணைகளைக் கீழே குறித்துள்ள நிறுவனத்தின் கணக்கில் மட்டும், காப்புறுதி இலக்கத்தைச் சீட்டில் எழுதிச் செலுத்துங்கள். ஒரு வாரத்தில் பற்றுச்சீட்டு வராவிடின் எமக்கு அறிவியுங்கள்.”

வரைவிலே முதல் வாக்கியம் பணம் கிடைக்கவில்லை என்பது. இதில் முதல் வாக்கியம் காப்புறுதி உயிரோடிருக்கின்றது என்பது. அம்மையார் அறிய விரும்பியது அதுவே. அதை அறிந்தபின்புதான் மற்றையவற்றை நிதானமாக வாசிப்பார்.

கையொப்பமிட்ட தாள் எதற்கு, வைப்புச் சீட்டே போதாதா என்று இளைஞர் கேட்டார். வைப்புச் சீட்டு, இன்னார் கணக்கில் இவ்வளவு பணம் விழுந்தது என்பதைக் காட்டும். எதற்காக என்பதைக் காட்டாது. இருவரும் உறவினர். கைமாற்று, சீட்டுக் காசு, கல்யாண வீட்டுக் கணக்கு என்று அவர்களிடையே ஆயிரம் இருக்கலாம். தவணைக்காகவே தந்தார் என்பதற்கு எழுத்து வேண்டும். முகவர் தொலைபேசிக்கு அனுப்பிய குறுஞ்செய்தி ஏதேனும் இருந்தால் அதனையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லும்படி கூறினோம்.

திருப்பிக் கேட்க வேண்டாம் என்று ஏன் எழுதினோம்? முகவர் பாதியை அம்மையாரிடமும் பாதியை நிறுவனத்திடமும் கொடுத்தால் ஏட்டிலே அது தவணையாகாது. குறைப்பணமாகத் தனியே கிடக்கும், பற்றுச்சீட்டு எழும்பாது. கணக்குப் பகுதியினருக்கு இத்தகைய அரைகுறைப் பணங்கள் பெருந் தலையிடி என்று இளைஞரே பின்னர் சொன்னார். பணம் ஒரே வழியில் வருவது எல்லோருக்கும் நலம்.

மறுநாட் காலை முகாமையாளர் கடிதத்தைக் கொழும்பிலுள்ள பிரதான காரியாலயத்துக்கு அனுப்பினார். பிற்பகலில் சட்டப் பகுதியிலிருந்து விடை வந்தது. ஒரு வாக்கியத்தைத் தவிர மற்றையவற்றை ஏற்றுக்கொண்டனர். வெட்டியது “எப்படியாயினும் தங்கள் காப்புறுதி காலாவதியாக விடமாட்டோம்” என்பது. கிளைக் காரியாலயத்துக்கு அவ்வாறு வாக்களிக்க அதிகாரமில்லை என்றனர். அது சரியே. ஆறுதல் சொல்லும் அவசரத்தில், வரைவிலே நாம் குற்றங் கண்ட அதே பிழையை எதிர்ப்பக்கமாக நாமே செய்துவிட்டோம். ஆனால் அவர்கள் அதற்குப் பதிலாக எழுதியது, “27ஆந் திகதிக்குப் பின்னர் தாங்களே தவணையைச் செலுத்தலாம்” என்பது மட்டும். அதனை நாம் ஏற்கவில்லை. அப்படிச் செலுத்தினால் முதற் பணத்தின் கதி என்ன? இரண்டாம் முறை கட்டியமையால், முதலில் கட்டியது கணக்கில் இல்லை என்று அம்மையார் ஒப்புக்கொண்டதாகப் பொருள்கொள்ள இடமுண்டல்லவா? இளைஞர் எமது ஆட்சேபத்தைத் தமது ஆட்சேபமாகவே எழுதி அனுப்பினார். மாலையில் முடிவான வாசகம் இவ்வாறு அமைந்தது:

“பணம் வராவிடின், தங்கள் காப்புறுதி சம்பந்தமான தீர்மானத்தைச் சலுகைக் காலம் முடியுமுன் அறிவிப்போம். இடையிலே பாதுகாப்புக்காகத் தாங்களே தவணையைச் செலுத்த விரும்பினால், முகவரிடம் கொடுத்த பணம்பற்றித் தங்களுக்குள்ள உரிமைக்குப் பாதகமின்றிச் செலுத்தலாம். பின்னர் அப்பணம் வருமாயின், தங்கள் விருப்பப்படி அடுத்த தவணைக்கு வைக்கப்படும்; அல்லது திருப்பித் தரப்படும்.”

எமது வாக்கியத்திலும் இது நன்று. சிறிது நீளமாகிவிட்டது, அதற்கு என் செய்வது!

கடிதம் 20ஆந் திகதி ஆள்மூலம் அனுப்பப்பட்டது. 22ஆந் திகதி அம்மையார் மூத்த மகனுடன் பேருந்தில் வந்தார். வைப்புச் சீட்டைப் பார்த்த இளைஞர் திகைத்தார். அதில் இருந்த தொகை 18,500 அன்று, 20,000. மிகுதி 1,500 ரூபா, முகவர் கொழும்பிலிருந்து மகனுக்கு வாங்கிவந்த புத்தகப் பையின் விலை. தொலைபேசியிற் பேசியபோது அம்மையார் அதனைச் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. கையொப்பமிட்ட தாளில், “20,000 ரூபா போட்டேன். இதில் 18,500 இன்சூரன்சுக் காசு. 1,500 பைக் காசு,” என்று மூன்றே வரியில் தெளிவாக எழுதியிருந்தார். அத்தாள் இல்லாதிருந்தால், சீட்டில் ஒரு தொகையும் கோரிக்கையில் இன்னொரு தொகையுமாக இருப்பதைக் காட்டி, “அது வேறு கொடுக்கல் வாங்கல்” என்று முகவர் சொல்லியிருக்கலாம். சொல்லியிருப்பார் என்று நாம் கூறவில்லை.

முகவருக்கு அன்றே கடிதம் சென்றது. 25ஆந் திகதி 18,500 ரூபா, காப்புறுதி இலக்கத்துடன், நிறுவனத்தின் கணக்குக்கு வந்தது. பற்றுச்சீட்டிலே பணம் வந்த திகதியே குறிக்கப்பட்டது. சலுகைக் காலத்துக்கு உட்பட்டதாதலால் தாமதக் கட்டணமோ வாக்குமூலமோ தேவைப்படவில்லை. 27ஆந் திகதி அறிவிப்பதாகச் சொல்லியிருந்தமையால், பற்றுச்சீட்டுடன் இரண்டு வரிக் கடிதமும் அன்று அனுப்பப்பட்டது.

முகாமையாளர் பின்னர் அந்த முகவர் சேர்த்த மற்றைய வாடிக்கையாளரின் ஏடுகளையும் பார்க்கச் சொன்னார். பதினான்கு பேருடைய தவணைகள் முகவரின் கையாலேயே கட்டப்பட்டு வந்தன. எதிலும் நிலுவை இல்லை. எமது கடிதத்தின் கடைசிப் பந்தி அவர்களுக்குத் தனிக் கடிதமாகச் சென்றது. அம்மையார் ஜூன் மாதத் தவணையைத் தாமே நெல்லியடியிற் கட்டினார். சீட்டிலே காப்புறுதி இலக்கத்தை எழுத மறந்துவிட்டார் என்றும், அதனால் பற்றுச்சீட்டு ஒன்பது நாள் பிந்தியது என்றும் இளைஞர் சிரித்துக்கொண்டு சொன்னார். எட்டாம் நாள் அம்மையாரே தொலைபேசியில் அழைத்துக் கேட்டாராம்.